28.6 டிகிரியில் ஒரு கூடுதல் பீக்: மேற்பார்வையாளரிடம் எந்தச் சோதனையை முன்மொழிவது?

எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் எதிர்பாராத பீக் தெரிந்தால், ஆய்வு மாணவர் மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பல நேரம் இரண்டு வரியில் முடிந்துவிடும்: "சாம்பிளில் மாசு இருக்கிறது. கூடுதல் நேரம் சூடேற்றி மறுபடி தயாரிக்கிறேன்." இந்த இரண்டு வரிக்குள் ஒரு காரணமும் ஒரு தீர்வும் ஒளிந்திருக்கின்றன, இரண்டுமே சோதிக்கப்படவில்லை. காரணம் தவறாக இருந்தால் தீர்வே நிலைமையை மோசமாக்கும். அப்படி மோசமாக்கக்கூடிய ஒரு உண்மையான பொருளை எடுத்துக்கொண்டு, அடுத்து எந்தச் சோதனையைச் செய்வது என்ற தேர்வுகளை இங்கே ஒப்பிடுகிறோம். அந்த ஒப்பீட்டிலிருந்து எழும் மின்னஞ்சல் கடைசியில் இருக்கிறது.

பொருள்: லித்தியம் கார்னெட், Li7La3Zr2O12. திட நிலை பேட்டரிக்கான மின்பகுபொருளாக 2007இல் முருகன், தங்கதுரை, வெப்னர் ஆகிய மூவரும் அறிவித்தது. இதன் கனசதுர வடிவம்தான் லித்தியம் அயனியை நன்றாகக் கடத்தும். அறை வெப்பநிலையில் அந்த வடிவம் நிலைக்கச் சிறிது அலுமினியம் சேர்ப்பார்கள். நம் கலவை Li6.25Al0.25La3Zr2O12. வழக்கமான செய்முறைதான்: Li2CO3 10 சதவீதம் அதிகமாக, 900 டிகிரியில் உலர்த்திய La2O3, ZrO2, Al2O3. எல்லாவற்றையும் ஐசோபுரொப்பனாலில் அரைத்து, 900 டிகிரியில் கால்சினேஷன் செய்து, 10 மில்லிமீட்டர் பெல்லட்டாக அழுத்தி, மூடிய அலுமினா குரூசிபிளில் 1200 டிகிரியில் 6 மணி நேரம் சின்டரிங்.

உலையிலிருந்து எடுத்த பெல்லட்டின் மேற்பரப்பைத் தாமிரக் கதிரில் அளந்தால் கார்னெட்டின் பீக்குகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன: 16.7, 25.7, 27.5, 30.8, 33.8 டிகிரி. இவற்றிலிருந்து அலகுக் கூட்டின் நீளம் 12.97 ஆங்ஸ்ட்ராம். கூடவே 28.60, 33.14, 56.44 ஆகிய இடங்களில் கேட்காத மூன்று பீக்குகள்.

முதலில் கழித்துவிட வேண்டியவை

சோதனை எதையும் முன்மொழியும் முன், கணக்கிலேயே தள்ளிவிடக்கூடிய காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். மேற்பார்வையாளர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவைதான். பதில் மின்னஞ்சலிலேயே இருந்தால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

முதல் சந்தேகம், கதிர்மூலத்தின் நிழல். வடிகட்டி சரியாக இல்லையென்றால் தாமிரத்தின் கே-பீட்டா (1.3922 ஆங்ஸ்ட்ராம்) ஒவ்வொரு வலுவான பீக்குக்கும் இடப்பக்கம் ஒரு சிறு நிழலை விடும். பழைய குழாய் என்றால் ஆனோடில் படிந்த டங்ஸ்டனின் எல்-ஆல்ஃபாவும் (1.4764) அதையே செய்யும். 28.60இல் இருப்பது கே-பீட்டா நிழலானால் அதன் மூலம் 31.72 டிகிரியில் பெரிய பீக்காக இருக்க வேண்டும். டங்ஸ்டன் நிழலானால் 29.87இல் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. நிழல் இல்லை என்று இங்கேயே முடிந்தது.

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் ஆசை காட்டும் வகை: இது கார்னெட்டுக்குள்ளேயே உருவான புது ஒழுங்காக இருக்குமோ? அப்படியானால் பீக் அதே கூட்டில் பொருந்த வேண்டும். கூட்டின் நீளம் a, படிகத் தளங்களின் இடைவெளி d என்றால், கனசதுரக் கூட்டில் N = (a/d)² எப்போதும் முழு எண். 28.60 டிகிரிக்கு d = 3.119; N = (12.97/3.119)² = 17.3. முழு எண் வரவில்லை. 17 என்றே வைத்துக்கொண்டாலும் பீக் 28.35இல் இருந்திருக்க வேண்டும். கால் டிகிரி வித்தியாசம் சாம்பிள் உயரப் பிழையால் வந்திருக்குமா? கருவியின் ஆரம் 240 மில்லிமீட்டர் என்றால் 0.1 மில்லிமீட்டர் உயரப் பிழை பீக்கை 0.05 டிகிரிதான் நகர்த்தும். கால் டிகிரிக்கு அரை மில்லிமீட்டர் பிழை வேண்டும், அப்போது பக்கத்திலுள்ள 27.5, 30.8 பீக்குகளும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். அவை நகரவில்லை. ஆக, இது வேறொரு படிகத்தின் பீக்.

மூன்று பீக்குகளும் La2Zr2O7 பைரோகுளோருக்குப் பொருந்துகின்றன. அதன் கூடு ஏறத்தாழ 10.80 ஆங்ஸ்ட்ராம், 222, 400, 622 தளங்கள் முறையே 28.60, 33.14, 56.44இல் வரும். 47.6இலும் அதற்கு ஒரு வலுவான பீக் உண்டு. ஆனால் கார்னெட்டின் 631 தளமும் அதே இடத்தில்தான், ஆகவே அதைச் சாட்சியாகச் சேர்க்கக் கூடாது. பலர் சேர்த்துவிடுகிறார்கள். நான்கு பீக் பொருந்தியது என்று எழுதுவதைவிட, மற்றதோடு கலக்காத மூன்று பொருந்தியது என்று எழுதுவது வலுவானது.

ஒரே பீக், எதிரெதிரான இரண்டு காரணங்கள்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என்ன கட்டம் என்று தெரிந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. பைரோகுளோர் இரண்டு வழியில் வரலாம்.

ஒன்று, வினை முடியாமல் நின்றது. La2O3, ZrO2 இரண்டும் சூடாகும்போது முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து பைரோகுளோரைத் தரும். அது பிறகு லித்தியத்தோடும் மீதி La2O3வோடும் சேர்ந்து கார்னெட்டாகும். கலவை சரியாக அரைபடவில்லையென்றாலோ நேரம் போதவில்லையென்றாலோ இடைநிலைப் பொருள் அப்படியே மிச்சம் நிற்கும்.

இன்னொன்று, வினை முடிந்தபின் சிதைந்தது. 1200 டிகிரியில் லித்தியம் ஆவியாகும். லித்தியம் இழந்த கார்னெட் உடைந்து பைரோகுளோராகவும் La2O3 ஆகவும் மாறும்.

முதல் காரணத்துக்கு மருந்து கூடுதல் நேரம், மறு அரைப்பு. இரண்டாவது காரணத்தில் அதே கூடுதல் நேரம் இன்னும் லித்தியத்தை விரட்டி பீக்கைப் பெரிதாக்கும். எக்ஸ்ஆர்டி வரைபடம் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே அடுத்த சோதனையிடம் கேட்க வேண்டிய தகுதி ஒன்றே ஒன்று: இந்த இரண்டு காரணங்களையும் அது பிரித்துக் காட்டுமா? ஐந்து தேர்வுகளையும் இந்த ஒரே அளவுகோலில் நிறுத்துவோம்.

தேர்வு ஒன்று: இருக்கும் பெல்லட்டையே ஆழம் ஆழமாக அளப்பது

லித்தியம் ஆவியாவது மேற்பரப்பிலிருந்து. வினை முடியாமை உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆக, பெல்லட்டின் மேற்பரப்பை அளந்து, கொஞ்சம் தேய்த்து மறுபடி அளந்தால், பீக் மறைகிறதா நிற்கிறதா என்பதே பதில்.

இது ஏன் இவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது என்பதற்குக் கதிரின் ஊடுருவல் ஆழத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கார்னெட்டின் எடையில் பாதி லாந்தனம். அது தாமிரக் கதிரைக் கடுமையாக உறிஞ்சும். முழு அடர்த்தியில், அதாவது கன சென்டிமீட்டருக்கு 5.1 கிராமில், உறிஞ்சல் குணகம் சென்டிமீட்டருக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. 28.6 டிகிரி பீக்குக்கு வரும் சிக்னலில் 99 சதவீதம் மேலே உள்ள ஐந்தாறு மைக்ரானிலிருந்தே வருகிறது. பெல்லட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதாவது நாம் இதுவரை அளந்தது பெல்லட்டையே அல்ல, அதன் தோலை. மேற்பரப்பு வரைபடத்தை ரீட்வெல்ட் முறையில் பொருத்தி "சாம்பிளில் 20 சதவீதம் பைரோகுளோர்" என்று மின்னஞ்சலில் எழுதினால், அந்த எண் பெல்லட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

செய்முறை எளிது, கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்துகொண்டு, 400 எண் சிலிக்கன் கார்பைடு தாளில் 50 மைக்ரான் தேய்க்கவும். 1200 எண் தாளில் முடிக்கவும். உலர்வாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் கார்னெட்டின் லித்தியம் நீரின் புரோட்டானோடு இடம் மாறும். அந்தப் புதிய மேற்பரப்பு காற்றில் Li2CO3 படலத்தையும் சேர்த்துக்கொள்ளும். தேய்த்த உடனே அளக்கவும். 26 முதல் 35 டிகிரி வரை போதும், 0.02 டிகிரி படி, படிக்கு 5 வினாடி என்றால் 40 நிமிடத்துக்குள் முடியும். பிறகு 200 மைக்ரான் ஆழத்தில் இன்னொன்று. கடைசியில் பெல்லட்டை முழுதாக உடைத்து அகேட் உரலில் அரைத்துப் பொடியாக ஒன்று. சராசரி அளவைச் சொல்லத் தகுதியுள்ளது இந்தப் பொடி மட்டும்தான்.

ஒப்பிட வேண்டிய எண், 28.60 பீக்கின் பரப்பை 30.8 பீக்கின் பரப்பால் வகுத்த விகிதம். அதைப் போக்கு பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், சதவீதமாக மாற்ற வேண்டாம்.

இதில் ஏமாற்றக்கூடியவை இரண்டு. தேய்த்தபின் 35.6 டிகிரியில் புதிதாக ஒரு பீக் முளைத்தால் பதற வேண்டாம். அது தாளிலிருந்து பதிந்த சிலிக்கன் கார்பைடு. கார்னெட்டின் 431 பீக் 35.3இல் இருப்பதால் இது பிளவுபோலத் தெரிந்து, சாம்பிள் நாற்கோண வடிவத்துக்கு மாறிவிட்டது என்று எண்ண வைக்கும். நாற்கோண வடிவமானால் மற்ற பீக்குகளும் பிளந்திருக்க வேண்டும். இதைவிட ஆழமான ஏமாற்று, பெல்லட்டின் அடர்த்தி. 85 சதவீதத்துக்கும் கீழே என்றால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து வெளிக்காற்று வரை திறந்திருக்கும். லித்தியம் உள்ளிருந்தும் வெளியேறும். அப்போது ஆவியாதல் காரணமாக இருந்தாலும் ஆழத்தோடு பீக் குறையாது, வினை முடியாதது போலவே தோன்றும். ஆகவே தேய்க்கும் முன் அடர்த்தியை அளந்து மின்னஞ்சலில் எழுதியே ஆக வேண்டும். எடையையும் வடிவ அளவையும் கொண்டு கணக்கிட்டால் போதும். ஆர்க்கிமிடீஸ் முறைக்கு நீர் வேண்டாம், ஐசோபுரொப்பனால் எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு அளவீடு, எடுத்து வைத்த கால்சினேஷன் பொடியை நிதானமாக மறுபடி அளப்பது. வேகமான அளவீட்டில் சில சதவீத பைரோகுளோர் இரைச்சலுக்குள் புதைந்துவிடும். நிதான அளவீட்டில் 28.60 பீக் இருந்தால், 1200 டிகிரிக்குப் போகும் முன்பே பைரோகுளோர் அங்கே இருந்தது என்று பொருள். மிக மலிவான சாட்சி இது. கால்சினேஷன் பொடியில் ஒரு கிராமாவது எடுத்து வைக்காதவர்களுக்குத்தான் கிடைக்காது.

மொத்தச் செலவு: ஒரு நாள், ஒரு பெல்லட். காரணங்களைப் பிரிக்குமா என்ற அளவுகோலில் இதுவே முதலிடம்.

தேர்வு இரண்டு: புதிய தொகுதிகள்

ஆய்வகங்களில் இயல்பாகவே கை போகும் இடம் இது. லித்தியம் அதிகத்தை 10லிருந்து 15, 20 சதவீதமாக உயர்த்திப் புதிதாகத் தயாரிப்பது. பீக் மறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஏன் மறைந்தது? கூடுதல் லித்தியம் ஆவியான இழப்பை ஈடு செய்ததா, அல்லது உருகிய உப்பாக நின்று வினையை வேகப்படுத்தியதா? இரண்டும் நடக்கும், இரண்டும் பீக்கை மறைக்கும். காரணம் தெரியாமல் மறைந்த பீக், அடுத்த தொகுதியில் காரணம் தெரியாமல் திரும்பி வரும்.

வேறு விலையும் உண்டு. அதிக லித்தியம் அலுமினா குரூசிபிளை அரிக்கும். அலுமினியம் பெல்லட்டுக்குள் நாம் எழுதிய 0.25க்கு மேல் ஏறும். ஏறியது LaAlO3 ஆக வெளிப்பட்டால் 33.4 டிகிரியில் இன்னொரு பீக். பைரோகுளோரின் 33.14க்கு அது மிக நெருக்கம்.

புதிய தொகுதி செய்வதானால் ஒரே ஒரு மாறியைத் தொட வேண்டும். நல்ல மாறி, பெல்லட்டை அதே கலவையின் பொடியில் புதைத்து சின்டரிங் செய்வது. பொடி தன் லித்தியத்தை ஆவியாக விட்டு பெல்லட்டைச் சுற்றிய காற்றை நிறைத்து வைக்கும். பெல்லட்டின் கலவையும் நேரமும் மாறாது. ஒரே உலை ஓட்டத்தில் இரண்டு குரூசிபிள், ஒன்றில் பொடியுடன், ஒன்றில் பொடியின்றி. பொடியில் புதைத்ததில் பீக் இல்லை, மற்றதில் இருக்கிறது என்றால் ஆவியாதல் உறுதி. இந்த வடிவில் இது வலுவான சோதனை. ஆனால் அரைப்பு, கால்சினேஷன், சின்டரிங் என்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் சோதனையின் முடிவு வந்தபின், அதை உறுதிசெய்யும் இடத்தில் இதை வைப்பதுதான் முறை.

தேர்வு மூன்று: எடையும் வேதிப் பகுப்பாய்வும்

லித்தியம் இழந்திருந்தால் எடை குறைந்திருக்குமே என்று தோன்றும். கணக்குப் போடுவோம். இந்தக் கார்னெட் முழுதும் சிதைந்தால் இழக்கும் Li2O அதன் எடையில் சுமார் 11 சதவீதம். 5 சதவீதம் பைரோகுளோர் உண்டாக கார்னெட்டில் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் சிதைந்தால் போதும். அதாவது ஒரு கிராம் பெல்லட்டில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இழப்பு. தராசுக்கு இது சுலபமான அளவு. ஆனால் நாம் வேண்டுமென்றே சேர்த்த 10 சதவீத அதிக லித்தியமே ஆவியானால் ஒரு கிராமுக்கு 11 மில்லிகிராம் குறையும், கார்னெட்டுக்கு ஒரு கேடும் இல்லாமல். மிச்சமிருந்த கார்பனேட்டின் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் வேறு. எடை இழப்பைக் குறித்து வைக்கலாம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஐசிபி பகுப்பாய்வு லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் விகிதத்தை நேராகச் சொல்லும் என்பதால் மேற்பார்வையாளர்கள் இதை விரும்புவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்னெட் அமிலத்தில் கரையும். பைரோகுளோர் எளிதில் கரையாது. குடுவையின் அடியில் வெள்ளைத் துகளாக நின்றதை வடிகட்டி எறிந்துவிட்டு கரைசலை அனுப்பினால், எந்தக் கட்டத்தைத் தேடுகிறோமோ அதையே எறிந்துவிட்டு அளக்கிறோம். விடை சுத்தமான கார்னெட் போல வரும். லித்தியம் போரேட்டில் உருக்கிக் கரைக்கலாம், ஆனால் அப்போது லித்தியத்தை அளக்க முடியாது. சோடியம் சார்ந்த உருக்கியோ மூடிய கலனில் அமிலச் செரிப்போ வேண்டும். முழுதாகக் கரைத்தாலும் விடை பெல்லட்டின் சராசரி மட்டுமே. லித்தியம் கார்னெட்டுக்குள் இருக்கிறதா, துகள் எல்லையில் கார்பனேட்டாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

எனவே ஐசிபி இந்தக் கேள்விக்கு இரண்டாம் நிலைச் சோதனை. ஒரு சூழ்நிலையில் மட்டும் அது முன்னுக்கு வரும். La2O3 சரியாக உலராமல் La(OH)3 ஆக இருந்திருந்தால், தராசில் எடுத்த எடையில் லாந்தனம் 14 சதவீதம் வரை குறைந்திருக்கும். பைரோகுளோரில் லாந்தனமும் சிர்கோனியமும் சம அளவு. கார்னெட்டில் மூன்றுக்கு இரண்டு. லாந்தனம் குறைந்த கலவையில் சிர்கோனியம் மிஞ்சும், பைரோகுளோருக்கு அது வழிவிடும். இதற்கு வரைபடத்திலேயே ஒரு குறிப்பு உண்டு: லித்தியம் இழந்து சிதைந்ததானால் பைரோகுளோரோடு La2O3வும் விடப்பட்டிருக்க வேண்டும். அது 30.0 டிகிரியில் தெரியும். ஈரம் பட்டு La(OH)3 ஆகியிருந்தால் 15.7, 28.0 டிகிரிகளில். இவை எதுவுமே இல்லாமல் பைரோகுளோர் மட்டும் தனியாக நின்றால் எடைபோடும் மேசையைச் சந்தேகிக்க வேண்டும். 15.7ஐப் பார்க்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: அரை டிகிரி பிளவில் அந்தக் கோணத்தில் கதிர் 15 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரவும், பெல்லட் 10 மில்லிமீட்டர்தான். தாங்கியின் பீக்கும் சேர்ந்து வரும்.

தேர்வு நான்கு: சூடேற்றிக்கொண்டே அளப்பது

உயர் வெப்பநிலை எக்ஸ்ஆர்டி கேட்கும்போது மிகப் பொருத்தமாகத் தெரியும். பைரோகுளோர் எந்த வெப்பநிலையில் வருகிறது, எப்போது போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாமே? இந்தப் பொருளுக்கு இது வேலை செய்யாது. பிளாட்டினம் பட்டையின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பிய பொடிக்கு, எடையோடு ஒப்பிட்டால், பெல்லட்டைவிடப் பல மடங்கு மேற்பரப்பு, மூடியும் கிடையாது. பெல்லட்டில் ஆறு மணி நேரத்தில் நடப்பதைவிட மிக விரைவாக லித்தியம் போய்விடும். பைரோகுளோர் கட்டாயம் தோன்றும், நம் சந்தேகத்தை உறுதிப்படுத்துவது போலவும் இருக்கும். ஆனால் அது அளவீடே உண்டாக்கிய பைரோகுளோர். 900 டிகிரிக்குக் கீழே கால்சினேஷன் வரிசையைப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு ஐந்து: நியூட்ரான்

லித்தியத்தை எக்ஸ் கதிர் கிட்டத்தட்டப் பார்ப்பதில்லை, நியூட்ரான் பார்க்கும். ஆகவே முன்மொழிவில் நியூட்ரானைச் சேர்த்தால் கனமாக இருக்கும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. நம் கேள்வி பைரோகுளோர் எங்கிருந்து வந்தது என்பது. லித்தியம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதல்ல. அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கருவியிடம், தேய்ப்புத் தாள் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கொண்டுபோகக் கூடாது. சுத்தமான கட்டம் கிடைத்தபின் பேசலாம்.

மின்னஞ்சலில் எப்படி வைப்பது

தேர்வு தெளிவாகிவிட்டது: முதலில் ஆழ வரிசையும் கால்சினேஷன் பொடியும், அதன் விடையைப் பொறுத்து ஒரே மாறியுடன் ஒரு புதிய ஓட்டம். மின்னஞ்சலில் ஐந்தையும் பட்டியலிடத் தேவையில்லை. மேற்பார்வையாளர் தேட வேண்டியிராமல் நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்: என்ன பார்த்தோம், எதைக் கழித்துவிட்டோம், எந்த விடை வந்தால் என்ன செய்வோம், அவரிடம் என்ன அனுமதி கேட்கிறோம். விடை வரும் முன்பே "இப்படி வந்தால் இது" என்று எழுதிவிடுவது முக்கியம். பின்னால் வந்த விடைக்கு ஏற்ப விளக்கத்தை வளைக்க முடியாது. பெல்லட்டை அழிக்கும் சோதனை என்பதால், மின்கடத்துதிறன் அளவீட்டுக்கு வேறு பெல்லட் இருக்கிறதா என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

பொருள் வரி: கார்னெட் பெல்லட்டில் பைரோகுளோர் பீக், ஒரு பெல்லட்டைத் தேய்க்க அனுமதி வேண்டும்

வணக்கம் மேடம்,

1200 டிகிரியில் 6 மணி நேரம் சின்டரிங் செய்த அலுமினியம் சேர்த்த கார்னெட் பெல்லட்டின் மேற்பரப்பில் 28.60, 33.14, 56.44 டிகிரிகளில் கூடுதல் பீக்குகள் வந்துள்ளன. கார்னெட் பீக்குகள் நகரவில்லை, பிளக்கவும் இல்லை, கூடு 12.97 ஆங்ஸ்ட்ராம். கே-பீட்டா, டங்ஸ்டன் நிழலாக இருக்க முடியாது, மூல பீக்குகள் இருக்க வேண்டிய 31.72, 29.87 இரண்டு இடமும் காலி. கார்னெட் கூட்டில் N = 17.3 வருவதால் அதே கூட்டுக்குள் உருவான புது ஒழுங்கும் இல்லை. மூன்று பீக்கும் La2Zr2O7க்குப் பொருந்துகின்றன. 47.6 பீக்கைக் கார்னெட்டின் 631 மறைப்பதால் சேர்க்கவில்லை. வரைபடம் இணைப்பில்.

இது மேற்பரப்பில் ஐந்தாறு மைக்ரான் மட்டும் பார்த்த அளவீடு. அதனால் சதவீதம் எதுவும் இப்போது சொல்லவில்லை.

இரண்டு காரணங்கள் சாத்தியம்: வினை முடியாமல் நின்றது, அல்லது சின்டரிங்கில் லித்தியம் ஆவியானது. ஒன்றின் தீர்வு மற்றதைக் கெடுக்கும் என்பதால், புதிய தொகுதி தொடங்கும் முன் இவற்றைப் பிரித்துவிட விரும்புகிறேன். கால்சினேஷன் பொடியின் பழைய அளவீட்டில் 28.60இல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அது வேகமான அளவீடு, சில சதவீதம் இருந்தாலும் தெரிந்திருக்காது.

செய்ய நினைப்பது: கால்சினேஷன் பொடியை 26 முதல் 35 டிகிரி வரை நிதானமாக மறுபடி அளப்பது. அதன்பின் ஒரு பெல்லட்டை உலர்வாக 50, 200 மைக்ரான் தேய்த்து அளந்து, கடைசியில் பொடியாக்கி அளப்பது. ஒரு நாள் வேலை. பெல்லட்டின் ஒப்பு அடர்த்தி 92 சதவீதம், ஆகவே ஆழத்தோடு வரும் மாற்றத்தை நம்பலாம் என்று கருதுகிறேன்.

200 மைக்ரானில் பீக் மறைந்து, கால்சினேஷன் பொடியிலும் இல்லையென்றால், காரணம் ஆவியாதல். அடுத்த ஓட்டத்தில் ஒரு பெல்லட்டை அதே கலவைப் பொடியில் புதைத்தும் ஒன்றைப் புதைக்காமலும் ஒரே உலையில் வைத்து உறுதி செய்கிறேன். நேரமும் லித்தியம் அளவும் மாற்றமாட்டேன்.

ஆழத்திலும் பீக் அதே விகிதத்தில் நின்று, கால்சினேஷன் பொடியிலும் இருந்தால், வினை முடியவில்லை. மறுபடி அரைத்து 900 டிகிரியில் இரண்டாவது கால்சினேஷன் செய்கிறேன்.

ஆழத்திலும் நிற்கிறது, கால்சினேஷன் பொடியில் இல்லை, 30.0 டிகிரியில் La2O3வும் இல்லை என்றால், La2O3 எடையில் பிழை இருக்கலாம். மிச்சமுள்ள La2O3வை 900 டிகிரியில் சூடேற்றி எடை இழப்பைப் பார்த்தபின் உங்களிடம் வருகிறேன். ஐசிபி அப்போதுதான் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அனுப்புவதானால் பைரோகுளோரும் கரையும்படி செரிப்பு முறையைப் பகுப்பாய்வு செய்பவர்களிடம் முன்பே பேசிவிடுகிறேன்.

இந்தத் தொகுதியில் மூன்று பெல்லட் இருக்கின்றன. ஒன்றைத் தேய்த்தாலும் மின்கடத்துதிறன் அளவீட்டுக்கு இரண்டு மிஞ்சும். அவற்றின் மேற்பரப்பிலும் இதே படலம் இருக்கும் என்பதால், விடை தெரியும் வரை தங்க மின்வாய் பூசாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு பெல்லட்டைத் தேய்க்க உங்கள் அனுமதி வேண்டும், மேடம். கால்சினேஷன் பொடி அளவீட்டை இன்றே தொடங்குகிறேன்.